படுக மொழிச் சொற்பட்டியல் பதிவு: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

நீலகிரிப் படுகர்களின் பேச்சில் வாய், வளையல், பயிர் ஆகிய மூன்றுக்கும் உள்ள சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதினால் மூன்றும் ‘பெ’ என்றுதான் வரும். ‘தம்பி’யில் ஒலிக்கும் பகரம், அதன்மேல் ஒரு குறில் எகரம், அவ்வளவுதான். வேறுபாடு நாக்கில் இருக்கிறது. வாயைச் சொல்லும்போது எகரம் சாதாரணமாக இருக்கும். வளையலைச் சொல்லும்போது அதே எகரத்தில் நாநுனி சற்றே மேல்நோக்கி வளையும். பயிரைச் சொல்லும்போது இன்னும் அதிகமாக வளையும். 1930களில் நீலகிரியில் தங்கி ஆய்வு செய்த மொழியியலாளர் எமனோ 1939இல் இதை விவரித்து எழுதினார். உயிர் ஒலியே மூன்று அளவில் வளைந்து பொருளை மாற்றுவது உலக மொழிகளில் மிக அரிது.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதன் வேர் எளிதில் பிடிபடும். வளை, ஏழு, புளி என்று நாம் ளகரமும் ழகரமும் வைத்துச் சொல்லும் இடங்களில் படுக மொழியில் அந்த மெய் கரைந்துபோய், அதன் வளைவு மட்டும் முன்னால் இருந்த உயிரில் ஏறி நிற்கிறது. ஆனால் இன்று எல்லாரிடமும் இந்த வேறுபாடு இல்லை. பலரிடம் மூன்று அளவு இரண்டாகச் சுருங்கிவிட்டது, சிலரிடம் முற்றாகவே போய்விட்டது. அதனால் இந்த மொழியில் சொற்பட்டியல் எடுக்கப் போகிறவருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பதிவில் வளைவு காணவில்லை என்றால், அது பேசியவரிடமே இல்லையா, நாம் கேட்ட விதத்தில் போய்விட்டதா, கருவி விழுங்கிவிட்டதா என்று பிரித்தறிந்தாக வேண்டும். கீழே உள்ள அறிகுறிகள் அந்தப் பிரிப்புக்கானவை. கேட்கும் மேசையில் நேரும் பிழைகளை முதலில் வைத்திருக்கிறேன். கருவிப் பிழைகளை விட அவைதான் அதிகம், பின்னால் திருத்தவும் முடியாதவை.

அறிகுறி: பட்டியல் முழுக்கத் தமிழ் வாடை அடிக்கிறது

புளிக்கான சொல்லைக் கேட்டால் ‘புளி’ என்றே வருகிறது. படுக மொழியில் அது கன்னடத்தைப் போல ஹகரத்தில் தொடங்க வேண்டும். அல்லது ஹகரம் சரியாக வந்து, நடுவில் ஒரு தெளிவான ளகரமும் கேட்கிறது. இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: நீங்கள் தமிழ்ச் சொல்லைச் சொல்லி, அதற்கு இணையைக் கேட்டீர்கள். படுகர் அநேகமாக எல்லாருக்கும் தமிழ் தெரியும். ‘வளை’ என்று நீங்கள் சொன்ன அடுத்த நொடியில் அவர் நாக்கு உங்கள் ளகரத்தின் பிடியில் இருக்கிறது. உங்களுக்குப் புரியட்டும் என்ற மரியாதையில் தமிழுக்குப் பக்கமாகச் சாய்த்தும் சொல்லிவிடுவார்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். அதே சொல்லை அவர் வீட்டாரோடு இயல்பாகப் பேசும்போது எப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள். பட்டியலில் ஒரு மாதிரியும் பேச்சில் ஒரு மாதிரியும் இருந்தால் பட்டியல்தான் தவறு.

நீக்கும் வழி, தமிழ்ச் சொல்லை நாக்கில் எடுக்காமல் கேட்பது. வளையலைக் கையில் பிடித்துக் காட்டி, “அம்மா, இதுக்கு உங்க பேச்சுல என்னங்க சொல்வீங்க?” என்று கேட்டால் போதும். உங்களோடு வரும் படுகர் ஒருவர் படுக மொழியிலேயே விளக்கிக் கேட்பது இன்னும் நல்லது. அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: பொருளை விவரிக்கலாம், சொல்லை உச்சரிக்கக் கூடாது. அவர் உச்சரித்துவிட்டால், பின்னால் வருவது எதிரொலி.

பொருளைக் காட்டுவதிலும் ஒரு பொறி உண்டு. வாயைத் தொட்டுக் காட்டினால் உதடு என்றோ பல் என்றோ வரலாம். வயலைக் காட்டிப் பயிருக்கான சொல்லைக் கேட்டால் ராகி, கோதுமை, உருளைக்கிழங்கு என்று அந்தந்தப் பயிரின் பெயர்தான் வரும், பொதுச்சொல் வராது. இங்கே படம் உதவாது, பேச்சுதான் உதவும். தேயிலை வருவதற்கு முன் நிலத்தில் என்ன போட்டார்கள், மழை பொய்த்த வருடம் என்ன ஆயிற்று என்று அவர் மொழியிலேயே சொல்லச் சொல்லி, அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். நாலு நிமிடப் பேச்சில் அந்தச் சொல் தானாக வந்துவிடும். வந்த இடத்தைக் குறித்து வைத்து, பின்னால் அந்தத் துண்டை அவருக்கே போட்டுக்காட்டி, “இந்த வார்த்தையை மட்டும் சொல்லுங்கம்மா” என்று கேளுங்கள். இந்த வழியில் கிடைத்த சொல்லில் உங்கள் குரலின் தடம் இருக்காது. கூடவே, அதே சொல் இயல்பான பேச்சில் வந்த ஒரு சாட்சியும் கையில் இருக்கும்.

அறிகுறி: முதல் சொல் உரக்க, கடைசிச் சொல் தேய்ந்து

சொற்களை வரிசையாகச் சொல்லச் சொன்னால் யாருக்கும் ஒரு ராகம் வந்துவிடும். ஒவ்வொரு சொல்லும் ஏற்றத்தில் முடியும், கடைசி ஒன்று மட்டும் இறங்கி, நீண்டு, கரகரத்து முடியும். மும்முறை சொல்லச் சொன்னாலும் இதேதான்: மூன்றாவது முறை இறங்கும். சுருதியும் நீளமும் இப்படிக் கெட்டால் குறில் நெடில் அளவுகளை நம்ப முடியாது. கரகரப்பான குரலில் ஒலியலைகளின் இடைவெளி தாறுமாறாவதால், வளைவை அளக்கும் கணக்கும் தடுமாறும்.

சொல்லை ஒரு வாக்கியத்துக்குள் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். ‘அவன் இந்த இடத்தில் ___ மறுபடி சொன்னான்’ என்ற மாதிரி ஒன்றை அவரே தம் மொழியில் அமைக்கட்டும். நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டு. இடைவெளிக்கு முன்னும் பின்னும் நாக்கை வளைக்கும் ஒலி எதுவும் இருக்கக் கூடாது. டகரமோ ளகரமோ பக்கத்தில் இருந்தால் அதன் வளைவு நம் எகரத்துக்குள் கசியும், கிடைத்த வளைவு யாருடையது என்று சொல்ல முடியாமல் போகும். இரண்டாவது, இடைவெளிக்குப் பின் வரும் சொல் உயிரில் தொடங்கக் கூடாது. தொடங்கினால் இரண்டு உயிரும் ஒட்டிக்கொள்ளும், எகரம் எங்கே முடிகிறது என்று கோடு போட வழியில்லை. மகரத்திலோ பகரத்திலோ தொடங்கினால் நல்லது. உதடு மூடும் இடம் ஒலியின் படத்தில் துல்லியமாகத் தெரியும், நாக்கும் தொந்தரவில்லாமல் இருக்கும்.

வரிசையையும் ஒவ்வொரு சுற்றிலும் கலைத்துப் போடுங்கள். பட்டியலின் தலையிலும் வாலிலும் உங்களுக்குத் தேவையில்லாத இரண்டிரண்டு சொற்களை வைத்துவிட்டால் ராகத்தின் கேடு அவற்றோடு போய்விடும்.

அறிகுறி: மூன்று சொல்லும் ஒன்றுபோலவே கேட்கிறது

இதுதான் மையமான சிக்கல், அவசரப்படக் கூடாத இடமும் இதுதான். ‘எனக்குக் கேட்கவில்லை’ என்பதை ‘இவரிடம் இல்லை’ என்று குறிப்பேட்டில் எழுதிவிடாதீர்கள். வளைந்த உயிர் நம் மொழியில் இல்லாததால் நம் காது அதைத் தனியாகப் பிரிக்கப் பழகியிருக்காது.

முதலில் சொந்தக் காதை விலக்கி வைத்துவிட்டு மொழிக்காரரின் காதைக் கேளுங்கள். வாய், வளையல், பயிர் மூன்றையும் வாக்கியத்துக்குள் வைத்து, கலைந்த வரிசையில், ஒவ்வொன்றும் ஐந்து முறை வருமாறு பதிவு செய்யுங்கள். பதினைந்து துண்டுகள் கிடைக்கும். வாக்கியத்திலிருந்து அந்தச் சொல்லை மட்டும் வெட்டி எடுத்து, வேறொரு வரிசையில் அடுக்கிப் போட்டுக்காட்டுங்கள். கேட்கிறவர் வாயைத் தொடலாம், வளையலைத் தொடலாம், பயிர்ப் படத்தைத் தொடலாம், வேறெதுவும் பேச வேண்டாம். பேசியவரிடமே கேட்பதாக இருந்தால் ஓரிரு நாள் கழித்துக் கேளுங்கள். அதே ஹட்டியை, அதாவது அதே படுகர் ஊரைச் சேர்ந்த, ஏறத்தாழ அதே வயதுள்ள இன்னொருவரிடமும் கேளுங்கள். ஹட்டிக்கு ஹட்டி, தொதநாடு, பொரங்காடு, மேக்குநாடு, குந்தெ என்று சீமைக்குச் சீமை பேச்சு மாறக்கூடும் என்பதால், வெளியூர்க்காரர் தடுமாறினால் அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

குருட்டாம்போக்கில் தொட்டாலே பதினைந்தில் ஐந்து சரியாக வரும். பத்துக்கு மேல் சரியாக வந்தால் அது தற்செயலாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு: வேறுபாடு இருக்கிறது, உங்களுக்குத்தான் கேட்கவில்லை. ஐந்தாறோடு நின்றால் மூன்றும் இவரிடம் ஒன்றாகிவிட்டிருக்கலாம். மொத்த எண்ணிக்கையை விட, எதை எதாகத் தொட்டார் என்று பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. வாயை ஒருமுறைகூடத் தவறவிடாமல், வளையலையும் பயிரையும் மட்டும் மாற்றி மாற்றித் தொட்டால், இவரிடம் வளைவு உண்டு, ஆனால் அளவு ஒன்றுதான். மூன்று படி இரண்டாகச் சுருங்கிய பேச்சு இது. மொத்த எண்ணிக்கையை மட்டும் எழுதி வைத்தால் இந்தச் செய்தி காணாமல் போகும்.

அடுத்தது அளவு. வாய்க்குழியின் வடிவத்தால் வலுப்பெறும் அதிர்வெண்களை ஒத்ததிர்வு என்பார்கள். நாக்கு மேல்நோக்கி வளையும்போது மூன்றாவது ஒத்ததிர்வு கீழே இறங்கும், வளைவு கூடினால் இன்னும் இறங்கும். ஒலியை ஆராயும் பிராட் மென்பொருளில் ஒலிக்கோப்பையும், எகரங்களுக்கு மட்டும் பெயரிட்ட TextGrid கோப்பையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து இதை ஓட்டினால், ஒவ்வோர் எகரத்தின் நடுவிலும் மூன்றாவது ஒத்ததிர்வு எத்தனை ஹெர்ட்ஸ் என்று வரும்:

```
sound = selected ("Sound")
grid = selected ("TextGrid")
selectObject: sound
fm = To Formant (burg): 0, 5, 5500, 0.025, 50
selectObject: grid
n = Get number of intervals: 1
for i to n
    selectObject: grid
    label$ = Get label of interval: 1, i
    if label$ <> ""
        t1 = Get start time of interval: 1, i
        t2 = Get end time of interval: 1, i
        selectObject: fm
        f3 = Get value at time: 3, (t1+t2)/2, "hertz", "Linear"
        appendInfoLine: label$, tab$, round (f3)
    endif
endfor
```

5500 என்ற உச்சவரம்பு பெண் குரலுக்கு. ஆண் குரல் என்றால் 5000 என்று மாற்றுங்கள். வந்த எண்களை அப்படியே நம்பிவிடாதீர்கள். மூன்றாவது ஒத்ததிர்வு இறங்கி இரண்டாவதை நெருங்கும்போது மென்பொருள் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டு, நான்காவதற்கு மூன்று என்று பெயர் வைத்துவிடும். மற்ற எகரங்களுக்கு 2800 பக்கம் வந்து, நன்றாக வளைந்த ஒன்றுக்கு மட்டும் திடீரென 3700 என்று வந்தால் சந்தேகமே வேண்டாம், இதுதான் நடந்திருக்கிறது. Spectrogram படத்தைத் திறந்து கறுப்புப் பட்டை எங்கே போகிறது என்று கண்ணால் பாருங்கள். உச்சவரம்பைச் சற்றுக் குறைத்து ஓட்டினாலும் சரியாகலாம்.

கேட்டவர் சரியாகத் தொட்டார், எண்களில் மட்டும் வேறுபாடு இல்லை என்றால், அளந்த இடத்தை மாற்றுங்கள். வளைவு எகரத்தின் பின்பாதியில் ஏறக்கூடும். நடுவில் அளப்பதற்குப் பதிலாக முக்கால் பங்கில் அளந்து பாருங்கள். மாறாக, எண்களில் வேறுபாடு இருந்தும் கேட்டவரால் பிரிக்க முடியவில்லை என்றால் இரண்டையும் அப்படியே எழுதி வையுங்கள். ஒரு வேறுபாடு மறைந்துவரும் தலைமுறையில், வாய் இன்னும் செய்வதைக் காது கவனிக்காமல் விட்டுவிடுவது உண்டு. ஒன்றைச் சரியென்று வைத்து மற்றதைத் தள்ளினால் அந்தக் கட்டம் பதிவாகாமலே போய்விடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்லச் சொல்லி, “வித்தியாசம் தெரியற மாதிரி சொல்லுங்க” என்று கேட்டால் நிச்சயம் வித்தியாசம் வரும். அது அவர் உங்களுக்காகச் செய்தது. அப்படி எடுத்த பதிவும் பயன்படும்தான், ஆனால் அதற்குத் தனிப்பெயரிட்டு வையுங்கள். கலைந்த வரிசையில் எடுத்ததோடு அதைச் சேர்த்துச் சராசரி போடாதீர்கள்.

அறிகுறி: வயர்லெஸ் ஹெட்செட்டிலோ கைப்பேசியிலோ எடுத்தது, ஏதோ மழுங்கியிருக்கிறது

பிராட் தொடக்கத்தில் 5000 ஹெர்ட்ஸ் வரைதான் காட்டும், அதனால் இந்தப் பிழை பல நாள் கண்ணில் படாமலே இருக்கும். Spectrogram settings திறந்து View range என்பதை 20000 வரை ஏற்றிப் பாருங்கள். 4000, 8000 அல்லது 16000 பக்கத்தில் கத்தியால் வெட்டிய மாதிரி மேலே வெறும் வெள்ளையாக இருந்தால், கோப்பு எங்கோ சுருக்கப்பட்டிருக்கிறது. புளூடூத் இணைப்பு, எம்பி3, வாட்ஸ்அப் குரல்செய்தி எல்லாம் இதைச் செய்யும். வெட்டு 4000இல் விழுந்திருந்தால்கூட உயிர்களின் வளைவு ஓரளவு தப்பிக்கும், ஏனென்றால் அதற்கு வேண்டிய பகுதி கீழே இருக்கிறது. சகர வகைகளின் அடையாளம் மேலே இருப்பதால் அவை போய்விடும்.

இதைவிட மோசமானது, கைப்பேசி தானாகச் செய்யும் இரைச்சல் நீக்கம். சொல்லின் கடைசியில் குரல் தேயும் பகுதியை இரைச்சல் என்று எண்ணி அது அழித்துவிடும். வளைவு ஏறக்கூடிய இடம் அதுதான். எகரத்தின் வால் இயல்பாகத் தேயாமல் சட்டென்று அறுந்து முழு மௌனமாகிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் அந்தப் பதிவை வளைவு அளக்கப் பயன்படுத்த வேண்டாம்.

தனிப் பதிவுக்கருவியில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், சுருக்காத வேவ் கோப்பாக எடுப்பதே வழி. தானியங்கி ஒலியளவை அணைத்துவிடுங்கள். அது ஒரு சொல்லை ஏற்றி மறுசொல்லை இறக்கி, உரப்பு ஒப்பீட்டையே பொய்யாக்கிவிடும்.

அறிகுறி: அலையின் தலை தட்டையாக இருக்கிறது

ஒலியளவு கூடிப்போய் அலையின் உச்சி வெட்டுப்பட்டிருக்கிறது. பின்னால் சத்தத்தைக் குறைத்தாலும் வெட்டுப்பட்டது திரும்பாது. வெட்டிய இடங்களில் பேச்சில் இல்லாத அதிர்வுகள் முளைத்திருப்பதால் ஒத்ததிர்வு அளவும் கெடும். திரும்ப எடுப்பதைத் தவிர வழியில்லை. தொடங்கும்போது அவரை ஒன்றிலிருந்து பத்துவரை உற்சாகமாக எண்ணச் சொல்லி, மிக உரத்த இடம் அளவுமானியில் கழித்தல் 12 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். 24 பிட் என்பதால் அவ்வளவு தாழ்த்தி வைப்பதில் நட்டமில்லை.

வெட்டு பகரத்தில் மட்டும் வந்தால் காரணம் வேறு: வாய்க்காற்று ஒலிவாங்கியில் நேராக அடிக்கிறது. தலையில் மாட்டும் ஒலிவாங்கியை வாயின் கோணத்திலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி, காற்று போகும் பாதைக்கு வெளியே பக்கவாட்டில் வையுங்கள். நம் மூன்று சொல்லும் பகரத்தில் தொடங்குவதால் இதை விட்டுவிட முடியாது. மேசை மேல் வைக்கும் ஒலிவாங்கியை விட இது மேல். அவர் தலையைத் திருப்பினாலும் தூரம் மாறாது.

அறிகுறி: சொற்களுக்கு நடுவே மௌனமே இல்லை

இரட்டைக் ககரம் வரும் ஏதாவது ஒரு சொல்லை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். வாய் அடைத்திருக்கும் அந்த இடம் படத்தில் வெள்ளையாக இருக்க வேண்டும். முந்தைய உயிரின் சாயல் சாம்பல் புகையாக அதற்குள் நீண்டிருந்தால் அறை எதிரொலிக்கிறது. சிமெண்ட் தரையும் வெறுஞ்சுவரும் உள்ள முன்னறையில் இது கட்டாயம் வரும். அறையை மாற்றுவதே எளிது: மெத்தையும் துணி அலமாரியும் இருக்கும் படுக்கையறையில் உட்காருங்கள், எதிரே கம்பளியைத் தொங்கவிடுங்கள்.

புகை எல்லா இடத்திலும் ஒரே சீராக, அடியில் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் கோடுகளாக இருந்தால் அது மின்சாரத்தின் முனகல். சார்ஜர் வயரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டினால் பெரும்பாலும் போய்விடும். பிரிட்ஜை நிறுத்துவதாக இருந்தால் வீட்டாரிடம் கேட்டு நிறுத்துங்கள். உங்கள் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள், திரும்ப ஓடவிடாமல் கிளம்ப முடியாது. தகரக் கூரை வீட்டில் மழை பிடித்துவிட்டால் எதுவும் செய்வதற்கில்லை. நீலகிரியில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை போகிறவர்கள் இதற்கென்று நாட்களைக் கூட்டியே திட்டமிட வேண்டும்.

அறிகுறி: பின்பாதியில் எல்லாமே மந்தம்

எகரங்கள் குறுகி, வளைவும் குறைந்து, சுருதி தட்டையாகிறது. அவர் களைத்துவிட்டார். முக்கால் மணி நேரத்துக்கு மேல் சொற்பட்டியல் வேண்டாம், நடுவில் ஒரு டீ இடைவேளை விடுங்கள். முக்கியமான சொற்கள் எப்போதும் கடைசியில் விழாதபடி சுற்றுக்குச் சுற்று வரிசை மாறட்டும். வெற்றிலை போட்டிருந்தால் அது முடியும்வரை காத்திருங்கள். முன்பற்கள் இல்லாதவர் என்றால் உயிர்களுக்குத் தடையில்லை, சகரத்துக்கு மட்டும் இன்னொரு பேச்சாளரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: எந்தக் கோப்பு யாருடையது என்று தெரியவில்லை

கோப்பின் பெயர் மாறிப்போகும், ஆனால் ஒலிக்குள் சொன்னது மாறாது. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் நாள், ஹட்டி, சீமை, பேச்சாளருக்கு நீங்கள் கொடுத்த குறியீடு, வயது, எத்தனையாவது சுற்று என்று நீங்களே பேசிவிடுங்கள். எதற்காகப் பதிவு செய்கிறீர்கள், யார் யார் கேட்பார்கள் என்று அவருக்குப் புரியும்படி சொல்லி, அவர் சம்மதம் சொல்வதும் அதே பதிவில் இருக்கட்டும். அன்று மாலையே இரண்டு இடத்தில் நகல் எடுத்துவிட்டு, மூன்று ‘பெ’க்களையும் அலைப்படத்தில் திறந்து பாருங்கள். ஏதாவது கெட்டிருந்தால் மறுநாள் காலை அதே வாசலுக்குப் போய்த் திரும்ப எடுக்கலாம்.